விலையைப் பேசும் முன் நாளைப் பேசுங்கள்

வாசகர் கேள்வி: ஐயா, நானும் தம்பியும் கேன்வாஸ் பை தைக்கும் சிறு பட்டறை நடத்துகிறோம். நான்கு மெஷின், மாதம் 3,000 பை விற்பனை. எங்கள் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தொகைகளையும் அதே அளவில் சொல்கிறேன். ஒரு பையின் அடக்க விலை 80 என்று கணக்காளர் போட்டுத் தந்திருக்கிறார். இப்போது ஒரு நிறுவனம் 1,500 பை கேட்கிறது. விலை 72, ஒரே மாதத்தில் வேண்டுமாம். உள்பாக்கெட் தேவையில்லை, அவர்கள் பெயரை அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் 8 நஷ்டம் என்று நான் சொல்கிறேன். “வாடகை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். துணியும் கூலியும் போக மிஞ்சுவதெல்லாம் லாபம்தானே?” என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? கணக்குத் தாளையும் மெஷின் நேரக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆர்டரை 72-க்கு ஒரே மாதத்தில் தைத்துத் தர ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே 72-க்கு இரண்டு மாத அவகாசம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விலையில் ஒரு காசு கூடாமலே, நஷ்டமாக இருந்த ஆர்டர் நல்ல லாபமாக மாறிவிடுகிறது. அது எப்படி என்று உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் அந்த 80-ஐப் பிரிப்போம். துணி 34, நூலும் கைப்பிடியும் 6, தையல் கூலி 14, பேக்கிங்கும் வண்டிக்கூலியும் 4. இவை சேர்ந்தால் 58. மீதி 22 என்பது வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், மெஷின் தேய்மானம் போன்றவற்றின் பங்கு. மாதம் 66,000 ஆகும் அந்தச் செலவை 3,000 பையால் வகுத்து, ஒரு பையின் தலையில் 22 என்று ஏற்றியிருக்கிறார் உங்கள் கணக்காளர். ஆண்டுக் கணக்குக்கு அது சரியான முறைதான். ஆனால் இந்த ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் அந்த 66,000 அப்படியேதான் இருக்கப்போகிறது. நாம் எடுக்கும் முடிவால் மாறாத செலவுக்கு அந்த முடிவில் இடமில்லை. இந்த அளவில் உங்கள் தம்பி சொல்வது சரி.

இறுதிநிலைச் செலவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்: இந்த ஆர்டரால் புதிதாகக் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு? அதற்கு 58 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்கப்படும் பை வேறு மாதிரி. உள்பாக்கெட் இல்லாததால் துணி 31-க்கு இறங்குகிறது, கூலி 12-க்கு இறங்குகிறது. தனித்தனியாக மடித்து உறை போடாமல் மொத்தமாகக் கட்டி ஒரே வண்டியில் அனுப்பலாம் என்பதால் பேக்கிங்கும் வண்டியும் 2. நூலும் கைப்பிடியும் அதே 6. அச்சுக்கு 3 கூடுகிறது. ஆக 54. இதைத் தவிர அச்சுச் சட்டம் செய்யவும் மாதிரிப் பை தைக்கவும் ஒரு தடவைச் செலவாக 1,500 என்று குறித்திருக்கிறீர்கள். அதுவும் இந்த ஆர்டருக்காக மட்டுமே ஆகும் செலவு, எனவே கணக்கில் வர வேண்டும்.

இங்கே இரண்டு சிறு எச்சரிக்கைகள். துணிக்கு 31 என்று போடும்போது, அது இன்று வாங்கினால் ஆகும் விலையாக இருக்க வேண்டும். பழைய விலைக்கு வாங்கிய துணி கிடங்கில் கிடக்கிறது என்பதற்காகப் பழைய விலையைப் போடாதீர்கள்; அதை எடுத்துத் தைத்தால் வழக்கமான பைக்கு இன்றைய விலையில் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். அடுத்தது கூலி. உங்களிடம் பைக்கு இவ்வளவு என்று கூலி தருவதால் அது முழுவதும் இறுதிநிலைச் செலவில் சேர்கிறது. மாதச் சம்பளம் தரும் பட்டறையாக இருந்தால், சும்மா இருக்கும் நேரத்தில் தைக்கும் பைக்குக் கூலி புதிதாக ஆகாது. அப்போது 54 என்பது 42 ஆகிவிடும். இதைப் படிக்கும் மற்றவர்கள் உங்கள் எண்ணை அப்படியே தங்கள் பட்டறைக்கு எடுத்துப் போகாமல் இருக்கவே சொல்கிறேன்.

சரி, 72-இல் 54 போனால் ஒரு பைக்கு 18 மிச்சம். 1,500 பைக்கு 27,000. அதில் ஒரு தடவைச் செலவு 1,500 போனால் 25,500. உங்கள் தம்பி கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். இந்த 1,500 பையையும் தைக்க மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்தால் அவர் சொன்னது முழுவதும் சரியாக இருந்திருக்கும்.

அதனால் நேரக் குறிப்புக்கு வருவோம். நான்கு மெஷின், தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 800 மணி நேரம். ஊசி உடைவது, நூல் மாற்றுவது, மெஷின் பழுது என்று பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உண்மையில் கையில் இருப்பது 720. வழக்கமான பைக்குத் தையல் 12 நிமிடம். 3,000 பைக்கு 600 மணி நேரம். மிச்சம் இருப்பது 120 மணி நேரம். வந்திருக்கும் ஆர்டரில் ஒரு பைக்கு 10 நிமிடம் என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். 1,500 பைக்கு 250 மணி நேரம் வேண்டும். இருப்பது 120, தேவை 250. குறையும் 130 மணி நேரம் எங்கிருந்து வரும்? வழக்கமான பையைத் தைக்காமல் விட்டால்தான் வரும்.

வாய்ப்புச் செலவு என்பது இந்த 130 மணி நேரத்தின் விலை. இதற்கு யாரும் ரசீது தர மாட்டார்கள், எந்தப் பேரேட்டிலும் இது பதிவாகாது. ஆனால் துணிக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையான இழப்பு இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வழக்கமான பை 5 தைக்கலாம். ஒவ்வொன்றிலும் 100-இல் 58 போக 42 மிச்சம். ஆக ஒரு மெஷின் மணி நேரம் உங்களுக்கு 210 ஈட்டித் தருகிறது. 130 மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் போவது 650 வழக்கமான பை, தொகையில் 27,300. புது ஆர்டர் தருவதோ 25,500. எல்லாம் முடிந்த பிறகு கையில் 1,800 குறைவாக இருக்கும். பட்டறை மாதம் முழுவதும் மூச்சு விடாமல் ஓடியிருக்கும், மொத்த விற்பனையும் கூடியிருக்கும், லாபம் மட்டும் இறங்கியிருக்கும். இப்படி நடந்த பிறகு எங்கே ஓட்டை என்று தேடுபவர்கள் துணி வீணானதையும் கூலி கூடியதையும்தான் தேடுகிறார்கள். ஓட்டை அங்கே இருக்காது.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இதில் உள்ள முக்கியமான விஷயம் தெரியும். 1,500 பையும் ஒரே மாதிரி பைதான், ஆனால் அவற்றின் செலவு ஒன்றல்ல. சும்மா இருக்கும் 120 மணி நேரத்தில், மணிக்கு 6 வீதம் 720 பை தைத்துவிடலாம். அந்த 720 பைக்கும் வாய்ப்புச் செலவு எதுவும் இல்லை. அந்த நேரத்துக்கு வேறு வேலை இல்லை. அவற்றின் செலவு 54 மட்டும். 721-ஆவது பையிலிருந்து நிலைமை மாறுகிறது. இனி ஒவ்வொரு மணி நேரமும் 210 மிச்சம் தரும் வேலையைத் தள்ளிவிட்டுத்தான் கிடைக்கும். அந்த 210-ஐ 6 பையால் வகுத்தால் பைக்கு 35. ஆக மீதி 780 பையின் உண்மையான செலவு 54 கூட்டல் 35, அதாவது 89.

இப்போது 72 என்ற விலையை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். முதல் 720 பையில் ஒவ்வொன்றும் 18 தருகிறது, மொத்தம் 12,960. அடுத்த 780 பையில் ஒவ்வொன்றும் 17 தின்கிறது, மொத்தம் 13,260. முதல் பாதி சம்பாதித்ததை இரண்டாம் பாதி சாப்பிட்டுவிட்டு 300 கூடுதலாகவும் எடுத்துக்கொள்கிறது. அச்சுச் சட்டத்துக்கான 1,500 சேர்த்தால் அதே 1,800 குறைவு. சராசரி போட்டால் இந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பையும் சேர்ந்து 73.2-க்கு மேல் விற்றால் நஷ்டமில்லை என்று மட்டும் தெரியும். 72-க்கும் 73.2-க்கும் என்ன பெரிய தூரம் என்று தோன்றி, இன்னும் 2 கூட்டிக் கேட்டு 74-க்கு முடித்துவிடுவீர்கள். அதுதான் என் பயம். 74-க்கு முடித்தால் மாதம் முழுக்க உழைத்ததற்கு 1,200 நிற்கும். நான் சொல்ல வரும் வழியில் போனால் 72-க்கே 23,400 நிற்கும்.

இதில் எந்த அளவுகோலால் பார்க்கிறோம் என்பதையும் கவனியுங்கள். பை ஒன்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்தால் 42-க்கும் 18-க்கும் ஒப்பீடு. ஆனால் உங்களுக்குத் தட்டுப்பாடு பையில் இல்லை, தையல் மெஷின் நேரத்தில். வெட்டும் மேசை பாதி நாள் காலியாக இருக்கிறது, அச்சுக்கு வெளியே ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். எனவே தட்டுப்பாடான அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு தருகிறது என்றுதான் கேட்க வேண்டும். வழக்கமான பை 210, இந்த ஆர்டர் 6 பெருக்கல் 18, அதாவது 108. இரண்டும் ஒரே நேரத்துக்குப் போட்டியிட்டால் 210-க்குத்தான் மெஷின். இதே பை 4 நிமிடத்தில் தைக்கக்கூடியதாக இருந்திருந்தால் மணிக்கு 15 பை, 270 மிச்சம். அப்போது 72 என்ற ‘குறைந்த’ விலைக்கு உங்கள் வழக்கமான பையையே தள்ளி வைக்கச் சொல்லியிருப்பேன். விலை குறைவா கூடுதலா என்பதைத் தையல் நிமிடத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாராலும் சொல்ல முடியாது.

இனி அவகாசம். இரண்டு மாதம் கிடைத்தால் சும்மா இருக்கும் நேரம் 240 மணி நேரம் ஆகிவிடும். தேவை 250. குறைவது வெறும் 10 மணி நேரம், 50 வழக்கமான பை, 2,100. ஆக 25,500-இல் 2,100 போனால் 23,400 நிற்கிறது. அந்த 10 மணி நேரத்தை ஓவர்டைமில் முடித்தால் இன்னும் சற்றுக் கூடும், அதைப் பிறகு பார்ப்போம். விலையை அவரிடம் இழுத்துப் பிடித்து 2 கூட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 3,000. நாளைக் கூட்டினால் கிடைப்பது 25,200. வாங்குபவருக்கோ விலையில் 2 கூடுவது உடனே வலிக்கும். பாதிச் சரக்கு ஒரு மாதம் தள்ளி வருவது பெரும்பாலும் அவ்வளவு வலிக்காது. 1,500 பையையும் ஒரே நாளில் பயன்படுத்தப்போகும் நிறுவனம் குறைவு. அவர்கள் “ஒரே மாதத்தில்” என்று எழுதியதே, கேட்டு வைப்போம் என்ற எண்ணத்தில் எழுதியதாக இருக்கலாம். முதல் 700 எப்போது வேண்டும், மீதி எப்போது போதும் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்தக் கேள்வியைக் கேட்காமலே தலையாட்டியவர்கள்தான் அதிகம்.

ஒருவேளை அவர்களுக்கு ஒரு மாதத்தில் வேண்டியே தீரும் என்றால்? அப்போது ஓவர்டைம் கணக்கு. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தருவதாக எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 6 பை, பைக்குக் கூடுதலாக 12, அது 72. மேற்பார்வையாளர் படியும் மின்சாரமும் மணிக்கு 28 என்றால் மொத்தம் 100. வழக்கமான வேலையைத் தள்ளினால் மணிக்கு 210 போகும். ஓவர்டைமில் 100-தான் போகும். எனவே ஓவர்டைம் செய்ய ஆள் தயாராக இருக்கும் வரை உங்கள் வாய்ப்புச் செலவு 210 அல்ல, 100. வாய்ப்புச் செலவைக் கணக்கிடும்போது எப்போதும் அந்த நேரத்தைப் பெற இருக்கும் வழிகளில் மிக மலிவானதைத்தான் எடுக்க வேண்டும். வெளியே தைக்கக் கொடுப்பதும் அப்படி ஒரு வழிதான். உங்கள் தையல் கூலியைவிடக் கூடுதலாக ஆவது பைக்கு 35-க்குள் இருந்தால் வழக்கமான வேலையைத் தள்ளுவதைவிட மேல். 17 அளவில் இருந்தால் ஓவர்டைமுக்குச் சமம்.

130 மணி நேர ஓவர்டைமுக்கு 13,000. 25,500-இல் அதைக் கழித்தால் 12,500. நான்கு மெஷினுக்கும் 25 நாளுக்கும் பிரித்தால் மெஷினுக்குத் தினம் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் தைக்கும் 720 பையை மட்டும் எடுத்திருந்தாலே 12,960-இல் 1,500 போக 11,460 கிடைத்திருக்கும். மீதி 780 பையையும் ஓவர்டைமில் தைத்ததால் கூடியது வெறும் 1,040. மாதம் முழுக்க நான்கு பேரைத் தினமும் கூடுதல் நேரம் உட்காரவைத்து 1,040! மாலை வேளையில் கை தளர்ந்து 20 பையின் தையல் கோணினாலே, அந்தப் பைகளுக்கு வராத விலையிலேயே இது கரைந்துவிடும். ஓவர்டைம் முழு ஆர்டரையும் லாபமாக்குகிறது என்பது உண்மை, ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி ஓவர்டைமால் வந்தது அல்ல. ‘720-தான் தர முடியும்’ என்றால் அவர்கள் ஆர்டரையே வேறிடம் கொண்டுபோய்விடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே 72-க்கு ஓவர்டைமில் இறங்கலாம்.

அதனால் அவர்களிடம் ஒரு விலையோடு போகாதீர்கள், இரண்டு விலையோடு போங்கள். இரண்டு மாதத்தில் என்றால் 72. ஒரே மாதத்தில் என்றால் 80. முதலாவதில், குறையும் 10 மணி நேரத்தை ஓவர்டைமில் முடித்தால் உங்களுக்கு 24,500 நிற்கும். இரண்டாவதில் பைக்கு 26 மிச்சம், மொத்தம் 39,000. ஒரு தடவைச் செலவு 1,500, ஓவர்டைம் 13,000 போனால் அதே 24,500. எதை அவர்கள் தேர்ந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். அவசரம் உண்மையானால் அதற்கு விலை கொடுப்பார்கள். உண்மையில்லை என்றால் அவகாசம் கொடுப்பார்கள்.

இந்த 80-உம் உங்கள் கணக்காளரின் 80-உம் ஒன்றாக வந்தது தற்செயல். தயவுசெய்து அதைப் பார்த்து, நீங்கள் ஆரம்பத்தில் சொன்னதே சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய 80 வாடகையிலிருந்து வந்தது. இது மெஷின் நேரத்திலிருந்து வந்தது. அடுத்த மாதமே விற்பனை 2,300 பைக்கு இறங்கினால், சும்மா இருக்கும் நேரம் 260 ஆகிவிடும், இதே ஆர்டர் ஒரே மாதத்தில் 72-க்கே அருமையான ஆர்டர். விற்பனை 3,600 ஆனால் ஒரு மணி நேரமும் மிச்சமிருக்காது, ஓவர்டைமும் முடியாத நிலையில் 89-க்குக் குறைத்து ஒரு பை கூடத் தைக்கக் கூடாது. அடக்க விலையோ இந்த இரண்டு நிலையிலும் எதிர்த்திசையிலேயே நகரும்: விற்பனை இறங்கினால் அதே வாடகை குறைந்த பைகளின் மேல் ஏறுவதால் அடக்கம் கூடும். வேலையில்லாத மாதத்தில் விலையை ஏற்றச் சொல்லும், வேலை நிரம்பி வழியும்போது இறக்கச் சொல்லும். ஆர்டர் முடிவுக்கு அதை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது இந்தக் கணக்கு எங்கே பொய்த்துப்போகும் என்று சொல்ல வேண்டும். எனக்கே ஒரு முறை பொய்த்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பட்டறைக்காரருக்கு, மாதத்தில் இவ்வளவு மணி நேரம் சும்மா இருக்கிறது என்று தாளைப் பார்த்துச் சொல்லி, ஒரு பெரிய ஆர்டரை எடுக்கச் சொன்னேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் அந்தச் சும்மா நேரம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. துணி வரத் தாமதமாகும் காலை நேரத்தில் கால் மணி, வெட்டுபவர் வராத நாளில் ஒரு மணி என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. பெரிய ஆர்டருக்கும் அந்த நேரத்தில் துணி இருக்காது, வெட்டுபவரும் இருக்க மாட்டார். கடைசியில் வழக்கமான வேலை பின்தங்கியது, மூன்று பழைய வாடிக்கையாளர்கள் போனார்கள், அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்த மனிதர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் நேரக் குறிப்பை மட்டும் நம்பி யாருக்கும் பதில் சொல்வதில்லை.

உங்கள் 120 மணி நேரம் எந்த வகை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்கும் வழி எளிது. ஒரு வாரம், மெஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில் வெட்டிய துணி தைக்கக் காத்திருக்கிறதா என்று கவனியுங்கள். துணி காத்திருக்க மெஷின் நின்றால், ஆளோ பழுதோ காரணம். அந்த நேரம் இந்த ஆர்டருக்கும் கிடைக்காது. துணியும் இல்லை, வெட்டும் மேசையும் வேலையில்லாமல் இருக்கிறது, ஆர்டர் தீர்ந்ததால்தான் மெஷின் நிற்கிறது என்றால் மட்டுமே அது விற்கத்தக்க நேரம். 120-இல் 80-தான் அப்படி என்று தெரிந்தால் கணக்கை 80-ஐ வைத்துப் போடுங்கள்.

வழக்கமான வாடிக்கையாளர்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. பை தாமதமானால் அவர்கள் காத்திருப்பார்களா, வேறிடம் போவார்களா? பத்து நாள் பொறுத்து அதே பையை வாங்கிக்கொள்வார்கள், அடுத்த மாதம் அதைத் தைக்க நேரமும் இருக்கிறது என்றால் 42 போகவில்லை, தள்ளித்தான் போகிறது. வாய்ப்புச் செலவு நான் போட்டதைவிட மிகக் குறைவு. வாராவாரம் வாங்குபவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், போவது இந்த மாதத்தின் 42 மட்டுமல்ல. சென்ற முறை தாமதமானபோது இரண்டு பேர் விலகிவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுக்கு இரண்டாவது நிலைதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் வழக்கமான வேலையை ஒரு மணி நேரம்கூடத் தள்ளாத வழியையே சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து உங்களுக்கு விற்பனை கூடும் காலம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது சும்மா நேரமே இருக்காது. எனவே ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதியோடு, துணி நிறத்தையும் அச்சு வடிவத்தையும் அவர்கள் உறுதிசெய்து தர வேண்டிய தேதியையும் எழுதுங்கள். அவர்கள் பக்கம் தாமதம் நீண்டால் கடைசிப் பைகள் உங்கள் கூட்ட மாதத்தில் வந்து விழும். அந்த மாதத்தில் அந்தப் பையின் செலவு 54 அல்ல, 89. ‘உறுதி செய்யத் தாமதமானால் விலை மறுபடி பேசப்படும்’ என்று ஒரு வரி போதும்.

பணம் எப்போது வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். துணிக்கு மட்டும் 46,500 முன்கூட்டியே போட வேண்டும். அதைக் கடன் வாங்கிப் போட்டால் அந்த வட்டியும் இந்த ஆர்டரின் இறுதிநிலைச் செலவுதான், 54-இல் அதைச் சேர்க்கவில்லை. துணிக்கான தொகையை முன்பணமாகக் கேட்பது நியாயமானது.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. “வாடகை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம்” என்பது இந்த ஒரு ஆர்டருக்கு உண்மை. எல்லா ஆர்டருக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தால் வாடகையை யார் கொடுப்பது? மாதத்தின் 720 மணி நேரத்தையும் 72 விலையில் நிரப்பினால் மணிக்கு 108 வீதம் 77,760 வரும். 66,000 போனால் நிற்பது 11,760. இப்போது வழக்கமான 3,000 பையில் உங்களுக்கு 60,000 நிற்கிறது. 72 என்பது சும்மா நிற்கும் மெஷின் நேரத்தின் விலை, உங்கள் பையின் விலை அல்ல. அதே நிறுவனம் அடுத்த ஆண்டு முழுக்க மாதாமாதம் வேண்டும் என்று வந்தால், அது புது மெஷின், புது ஆள், புது இடம் என்று மாறாத செலவையே மாற்றும் முடிவு. அதற்கு இந்தக் கணக்கு செல்லாது, எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கு 72 என்ற எண் தெரியவந்தால் என்ன சொல்வீர்கள் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் இல்லாத, வேறு பெயர் அச்சடித்த பை என்பதால் உங்களுக்குச் சொல்ல நியாயமான பதில் இருக்கிறது.

அவர்களைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு வேலை. பையொன்றுக்கு 10 நிமிடம் என்பது மதிப்பீடுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை பாக்கெட் இல்லாத பை பத்தைத் தைக்கச் சொல்லி, கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். வேகமாகத் தைப்பவரிடம் மட்டும் கொடுக்காமல் நால்வரிடமும் பிரித்துக் கொடுங்கள். அதுவும் 12 நிமிடம்தான் ஆகிறது என்றால் 1,500 பைக்கு 300 மணி நேரம் வேண்டும்; இரண்டு மாத அவகாசத்திலும் 60 மணி நேரம் குறையும், வழக்கமான வேலையில் 12,600 போகும், 23,400 என்று சொன்னது 12,900 ஆகிவிடும். அப்படியானால் இரண்டு மாதம் கேட்காதீர்கள், இரண்டரை மாதம் கேளுங்கள்.